துருக்கிக் குடும்பத்துக்கு நன்றிக் கடிதம்: 'எலினிஸெ ஸாலிக்'

துருக்கியில் என்னைத் தங்கவைத்த குடும்பத்துக்குக் கடிதம் எழுதுகிறேன். 'எலினிஸெ ஸாலிக்' என்றால் என்ன, எங்கே எழுதுவது?

"உங்கள் கைக்கு ஆரோக்கியம்" என்பது நேர்ப்பொருள். 'எல்' என்றால் கை. கையால் செய்தவருக்குச் சொல்வது என்பதால், பொதுவான நன்றியாக எழுதாமல் உணவின் பெயரோடு சேருங்கள். அப்போதுதான் சமைத்தவர் மனதில் நிற்கும். திராட்சை இலையில் ஒவ்வொன்றாகச் சுருட்டிய சர்மா பரிமாறியிருந்தால்:

```
Sarmalarınız çok güzeldi, elinize sağlık.
```

முன்பாதி, "உங்கள் சர்மா மிக நன்றாக இருந்தது". ğ தனியாக ஒலிக்காது, முன்னிருக்கும் அகரத்தை நீட்டும். ı-க்குப் புள்ளி வைக்காதீர்கள், அது வேறு எழுத்து. 'எலினெ ஸாலிக்' என்றால் "உன் கைக்கு" என்றாகிவிடும். வீட்டுப் பெரியவர்களுக்கு அது வேண்டாம். உணவகத்தில் பணம் கொடுத்து விருந்து வைத்தவருக்கோ 'எலினிஸெ ஸாலிக்' பொருந்தாது. அவருக்கு 'கெஸெனிஸெ பெரெகெத்', அதாவது "உங்கள் பணப்பை பெருகட்டும்".