ஆளி திறந்த மறுகணம்

வணக்கம் ஐயா. நான் தொழினுட்பக் கல்லூரியில் மின்னியல் படிக்கிறேன், வீடு தலவாக்கலையில். ஒரு கணக்கு இரண்டு நாளாக என்னை விடவில்லை. 24 வோல்ட் நேரோட்ட முதல். அதனோடு தொடரில் ஓர் ஆளியும் 4 ஓம் தடையியும் (R₁). அந்தத் தடையியின் மறுமுனை A என்ற கணு. A-யிலிருந்து புவிமுனைக்கு மூன்று கிளைகள்: ஒன்றில் 12 ஓம் (R₂) மட்டும்; இரண்டாவதில் 6 ஓமும் (R₃) 0.1 ஹென்றி தூண்டியும் தொடராக. மூன்றாவதில் 8 ஓமும் (R₄) 100 மைக்ரோ பரட் கொள்ளளவியும் தொடராக. நெடுநேரம் மூடியிருந்த ஆளியை t = 0 இல் திறக்கிறார்கள். மறுகணத்தில் A-யின் அழுத்தம் என்ன? தொடக்கத்தில் கொள்ளளவி ஒரு குறுஞ்சுற்று என்று வைத்துச் செய்தேன், −9.6 வோல்ட் வருகிறது. விடைத்தாளில் −2.4 என்று இருக்கிறது. அறையில் உடன் இருக்கும் நண்பனோ, R₂ இல் ஓடிய மின்னோட்டம் சட்டென்று மாறாது, ஆகவே A இன்னும் 12 வோல்ட்தான் என்கிறான். எங்கே பிழை?

— மாணவர் ஒருவர், தலவாக்கலை

அன்புள்ள தம்பி,

விடைத்தாள் சரி. உங்கள் பிழை ஒரு வகை, நண்பரின் பிழை வேறு வகை. நண்பருடையதை முதலில் தீர்த்துவிடலாம், அது சிறியது.

ஆளி அசையும் கணத்தில் சட்டென்று மாற முடியாதவை இரண்டே இரண்டு: கொள்ளளவியின் இரு முனைகளுக்கிடையிலான வோல்ட்டளவு, தூண்டியினூடாக ஓடும் மின்னோட்டம். கொள்ளளவியின் மின்னோட்டம் C·dv/dt என்பதால், அதன் வோல்ட்டளவு துள்ள வேண்டுமானால் எல்லையற்ற மின்னோட்டம் வேண்டும். தூண்டியின் வோல்ட்டளவு L·di/dt என்பதால், அதன் மின்னோட்டம் துள்ள வேண்டுமானால் எல்லையற்ற வோல்ட்டளவு வேண்டும். தடையிக்கு இப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அது எதையும் சேமித்து வைப்பதில்லை. ஆகையால் ஒரு கணத்துக்கு முன் என்ன ஓடியது என்ற நினைவும் அதற்கு இல்லை. R₂ இல் ஓடிய மின்னோட்டம் துள்ளலாம், திசையே மாறலாம். கொள்ளளவியின் மின்னோட்டமும் தூண்டியின் வோல்ட்டளவும் அப்படித்தான். நண்பர் தூண்டிக்குரிய விதியைத் தடையிக்குக் கொடுத்துவிட்டார்.

உங்கள் பிழை, பாடக்குறிப்புகளிலேயே பாதி எழுதப்பட்டிருக்கும் ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. “தொடக்கத்தில் கொள்ளளவி குறுஞ்சுற்று, தூண்டி திறந்த சுற்று” என்று பலரும் மனனம் செய்கிறார்கள். கொள்ளளவியில் ஏற்றமே இல்லாமலும் தூண்டியில் மின்னோட்டமே இல்லாமலும் தொடங்கும்போது மட்டுமே அது உண்மை. ஏற்கெனவே 12 வோல்ட் ஏறியிருக்கும் கொள்ளளவி, அந்த ஒரு கணத்துக்கு, 12 வோல்ட் கலம் ஒன்றைப் போல நடந்துகொள்ளும். ஏற்கெனவே 2 அம்பியர் ஓடிக்கொண்டிருக்கும் தூண்டி, அந்த ஒரு கணத்துக்கு, என்ன எதிர்த்தாலும் 2 அம்பியரைத் தள்ளியே தீரும் மின்னோட்ட முதலாக இருக்கும். குறுஞ்சுற்று என்பது பூச்சிய வோல்ட் கலம், திறந்த சுற்று என்பது பூச்சிய அம்பியர் முதல். நீங்கள் படித்தது இந்தப் பொது விதியின் ஒரு தனி நிலைமை மட்டுமே.

இத்தகைய கணக்குக்கு நான் எப்போதும் மூன்று படங்களைத் தனித்தனியாக வரைவேன். ஒரே படத்தில் அழித்து அழித்து எழுதினால் எது திறப்பதற்கு முந்தைய எண், எது பிந்தைய எண் என்பது கலந்துவிடும்.

முதற் படம், திறப்பதற்குச் சற்று முன். நெடுநேரம் கடந்துவிட்டதால் எதுவும் மாறவில்லை. ஆகவே கொள்ளளவிக் கிளையில் மின்னோட்டம் இல்லை, தூண்டியின் குறுக்கே வோல்ட்டளவு இல்லை. மிஞ்சுவது 12 ஓமும் 6 ஓமும் சமாந்தரமாக, அதாவது 4 ஓம். அதனோடு R₁ இன் 4 ஓம் தொடராக. முதலிலிருந்து 3 அம்பியர் வருகிறது, A 12 வோல்ட்டில் நிற்கிறது. R₂ இல் 1 அம்பியர், தூண்டியில் 2 அம்பியர். R₄ இல் மின்னோட்டம் இல்லாததால் A-யின் 12 வோல்ட் முழுவதும் கொள்ளளவியின் மேல் இருக்கிறது. இந்தப் படத்திலிருந்து அடுத்த படத்துக்கு நான் எடுத்துச் செல்வது இரண்டே எண்கள்: 2 அம்பியர், 12 வோல்ட். R₂ இன் 1 அம்பியரையும் R₁ இன் 3 அம்பியரையும் இங்கேயே விட்டுவிட வேண்டும். பரீட்சைத் தாளில் நான் அதிகம் பார்த்த தவறு, அவற்றில் ஒன்று எப்படியோ அடுத்த பக்கத்துக்கு நழுவி வந்துவிடுவதுதான்.

“நெடுநேரம்” என்பது எவ்வளவு? இச்சுற்றில் மெதுவாகத் தணியும் பகுதியின் நேர மாறிலி ஏறக்குறைய 11 மில்லி வினாடி. அதன் ஐந்து மடங்கு, அதாவது 55 மில்லி வினாடி மூடியிருந்தாலே மேலுள்ள எண்கள் செல்லும்.

இரண்டாம் படம், திறந்த மறுகணம். முதலும் R₁ உம் போய்விட்டன. தூண்டியின் இடத்தில் கீழ்நோக்கி 2 அம்பியர் தள்ளும் மின்னோட்ட முதல், கொள்ளளவியின் இடத்தில் 12 வோல்ட் கலம். A-யிலிருந்து வெளியேறும் மூன்று மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை பூச்சியம் என்ற கேர்ச்சோவின் முதலாம் விதியை எழுதினால்:

```
V_A/12 + 2 + (V_A − 12)/8 = 0
2·V_A + 48 + 3·V_A − 36 = 0
V_A = −2.4 V
```

நீங்கள் மூன்றாவது உறுப்பில் அந்த 12 ஐ எழுதாமல் V_A/8 என்று மட்டும் எழுதியிருப்பீர்கள், −9.6 அங்கிருந்துதான் வந்தது.

இனிச் சரிபார்ப்பு. R₂ இல் −2.4/12, அதாவது −0.2 அம்பியர். கொள்ளளவிக் கிளையில் (−2.4 − 12)/8, அதாவது −1.8 அம்பியர். தூண்டியில் +2. கூட்டினால் பூச்சியம். சொற்களில் சொன்னால், தூண்டி கேட்கும் 2 அம்பியரில் 1.8 ஐக் கொள்ளளவி கொடுக்கிறது, மீதி 0.2 அம்பியர் R₂ இனூடாகக் கீழிருந்து மேலாக ஏறி வருகிறது. ஒரு கணம் முன்னர் அதே R₂ இல் 1 அம்பியர் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டிருந்தது. A-யின் குறி மறையாக மாறியதன் காரணமும் இதுவே.

தோட்டத்து லயங்களில் பிறந்தவருக்கு இது புதிதல்ல. மேட்டிலுள்ள ஊற்றிலிருந்து நீண்ட குழாயில் வரும் நீரை அடியில் சட்டென்று அடைத்தால் குழாய் ‘டக்’கென்று அடிக்கும், ஓடும் நீர் உடனே நிற்க மறுப்பதால் வரும் அடி அது. தூண்டியும் நிற்க மறுக்கிறது. வழி கிடைக்காவிட்டால் தனக்கு வேண்டிய வோல்ட்டளவைத் தானே எழுப்பிக்கொள்ளும். உங்கள் சுற்றில் கொள்ளளவிக் கிளையை வெட்டிவிட்டு இரண்டாம் படத்தைத் திரும்பப் போடுங்கள்: 2 அம்பியர் முழுவதும் 12 ஓமினூடாக வர வேண்டும், A −24 வோல்ட்டுக்குப் போகும். R₂ 12 ஓமாக இல்லாமல் 1000 ஓமாக இருந்தால் −2000 வோல்ட் என்று கணக்கு சொல்லும்.

இதை நான் விரலால் படித்தவன். தேயிலைத் தொழிற்சாலையொன்றில் மின் பராமரிப்பு வேலையிலிருந்த நாட்களில், உலர்த்தியின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் 24 வோல்ட் நேரோட்டக் கொன்ரக்டர் ஒன்றின் சுருள் வயரை, மின்னை நிறுத்தாமலேயே, “24 வோல்ட்டுதானே” என்று சொல்லிக் கழற்றினேன். ஒரு விரல் வயரிலும் மற்றக் கையின் விரல் சுருள் முனையிலும் இருந்தன. கையை உதறியதில் திருப்புளி பெட்டிக்குள் விழுந்தது. சுருளின் குறுக்கே இருந்திருக்க வேண்டிய டயோடை யாரோ முன்பே எடுத்திருந்தார்கள். அத்தகைய சுருளில் கால் அம்பியர் ஓடியிருந்தால், 2000 ஓம் உள்ள உடம்பினூடாக அதைத் தள்ள 500 வோல்ட் வேண்டும். வயர் நுனியில் பறக்கும் தீப்பொறி ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால் உண்மையில் அவ்வளவு எழாது. ஆனாலும் 24 அல்ல.

விதிக்கு ஓர் எல்லையும் உண்டு. கொள்ளளவியை இடையில் தடையே இல்லாமல் வேறு வோல்ட்டளவிலுள்ள கலத்தோடு இணைத்தாலோ, வெவ்வேறு மின்னோட்டம் ஓடும் இரண்டு தூண்டிகளை ஆளி ஒரே தொடரில் தள்ளினாலோ, தாளில் துள்ளல் கட்டாயமாகிவிடும். அங்கே ஏற்றக் காப்பையும் பாயக் காப்பையும் கொண்டுதான் கணிக்க வேண்டும். உங்கள் சுற்றில் அந்தச் சிக்கல் இல்லை.

மூன்றாம் படம் ஒரு வரி: முதல் இல்லை, ஆகவே நெடுநேரத்தின் பின் எல்லாம் பூச்சியம்.

ஆனால் இங்கே நிறுத்திவிடாதீர்கள். கேள்வித்தாளில் அடுத்த பகுதி அநேகமாகத் தொடக்கச் சரிவுகளைக் கேட்கும், அவை இரண்டாம் படத்திலேயே இருக்கின்றன. தூண்டியின் வோல்ட்டளவு V_A இலிருந்து R₃ இன் 12 வோல்ட்டைக் கழித்தது, −14.4, அதை 0.1 ஆல் வகுத்தால் தூண்டி மின்னோட்டம் வினாடிக்கு 144 அம்பியர் வீதம் குறையத் தொடங்குகிறது. கொள்ளளவியின் −1.8 அம்பியரை 100 மைக்ரோ பரட்டால் வகுத்தால் வினாடிக்கு −18000 வோல்ட்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் அந்த வேகத்தில் ஒரு மில்லி வினாடிக்குள் தீர்ந்துவிடும். அதற்குள் தூண்டி மின்னோட்டம் 2 இலிருந்து அதிகம் இறங்கியிருக்காது. கொள்ளளவி வெறுமையான பின்னும் தூண்டி விடாமல் இழுக்கும். தொடக்கம் 12, முடிவு பூச்சியம் என்ற இரு முனைகளை மட்டும் பார்த்து இடையில் ஒரு வழுவழுப்பான இறக்கத்தை வரைபவர் இங்கே தவறிவிடுவார். இச்சுற்றின் வகையீட்டுச் சமன்பாட்டைத் தீர்த்துப் பார்த்தேன்: கொள்ளளவியின் வோல்ட்டளவு 0.8 மில்லி வினாடியளவில் பூச்சியத்தைக் கடந்து, 4 மில்லி வினாடியளவில் −13.5 வோல்ட் வரை போய், பிறகுதான் பூச்சியத்துக்குத் திரும்புகிறது. 30 மில்லி வினாடியில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

ஆய்வுகூடத்தில் இதைக் கட்டிப் பார்க்க நினைத்தால், 100 மைக்ரோ பரட் என்றவுடன் கையில் கிடைப்பது பெரும்பாலும் நேர், மறை முனை குறித்த மின்பகு கொள்ளளவியாக இருக்கும். ஆளியை மூடியிருக்கும்வரை அது சரியாகவே இருக்கும். திறக்கும் ஒவ்வொரு முறையும் 13 வோல்ட்டுக்கு மேல் தலைகீழாக வாங்கும். முனைவு இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.