சிறிய கிளினிக்குக்கு எந்த எண்களைக் கவனிப்பது?

கேள்வி: சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். டாஷ்போர்டில் எதைப் போடுவது, எப்போது பதறுவது?

எந்த அளவைத் தாண்டினால் நீங்கள் ஒரு வேலையைச் செய்தே ஆகவேண்டுமோ, அதுதான் எல்லை. பைக் பெட்ரோல் ரிசர்வுக்கு வந்ததும் பங்க்குக்குத் திருப்புகிறோமே, அதுபோல. தொடக்கத்துக்கு இரண்டு எண்கள் போதும்.

முதலாவது, காத்திருப்பு. இதில் சராசரியை நம்பாதீர்கள். நான்கு பேர் 20 நிமிடமும் ஒருவர் 90 நிமிடமும் காத்திருந்தால் சராசரி 34தான். அந்த ஒருவர் கண்ணில் படவே மாட்டார். 45 நிமிடத்துக்கு மேல் காத்தவர்களை எண்ணுங்கள். ஒரு மாலையில் மூன்று பேரைத் தாண்டினால், மறுநாள் முதல், ரிவ்யூவுக்கு வருபவர்களைக் காலை நேரத்துக்கு மாற்றுங்கள். இந்த 45, மூன்று எல்லாம் என் கணக்கு. உங்கள் கூட்டத்துக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, தடுப்பூசி ஃப்ரிட்ஜின் வெப்பநிலை. இதன் எல்லையை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸ், அவ்வளவுதான். இங்கேயும் சராசரி ஏமாற்றும். சராசரி 5 என்றே காட்டும், ஆனால் இரவில் உறைநிலைக்குக் கீழே போயிருக்கும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி உறைந்தால் வீண். அதனால் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைக் காலையும் மாலையும் குறியுங்கள். எல்லை மீறியிருந்தால் அந்த மருந்தை யாருக்கும் போடாமல், குளிர் குறையாமல் தனியே வைத்து, விநியோகஸ்தரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, நிறைய எண்கள் இருந்தால் கண்காணிப்பு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், தாண்டினால் யார் என்ன செய்வார் என்று எழுத முடியாத எண், டாஷ்போர்டில் இடத்தைத்தான் அடைக்கும்.