திருப்பி அனுப்பிய சளி மாதிரி: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

இன்று காலை ஒரு வார்டிலிருந்து எங்கள் நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு வந்த சளி மாதிரிக்குக் கல்ச்சர் போடாமல் திருப்பி அனுப்பினேன். அதற்கான காரணத்தை எல்லா மருத்துவர்களுக்கும் கடிதமாக எழுதினேன். மாலைக்குள் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

பொது மருத்துவர், அந்த நோயாளியைப் பார்ப்பவர்: எக்ஸ்ரேயில் வலது கீழ்ப்பக்கம் நிமோனியா தெளிவாகத் தெரிகிறது. ஸ்லைடைப் பார்த்து இது சளியே இல்லை என்று எப்படிச் சொன்னீர்கள்?

நிமோனியாவை நான் சந்தேகிக்கவில்லை டாக்டர். டப்பாவில் இருந்ததைத்தான் சந்தேகித்தேன். மூடியைத் திறந்ததும் மேலே நுரை, கீழே தண்ணீர் போன்ற திரவம். ஆனால் கண்ணால் பார்த்து மட்டும் நாங்கள் எதையும் ஒதுக்குவதில்லை. கிராம் ஸ்டெயின் செய்து, பத்து மடங்கு லென்ஸில் இருபது இடங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு இடத்திலும் சராசரியாக முப்பதுக்கு மேல் ஸ்குவாமஸ் செல்கள். கசங்கிய காகிதம்போல ஓரம் மடங்கிய, அகலமான தட்டைச் செல்கள் அவை. நடுவில் சின்னதாக ஒரு நியூக்ளியஸ், மேலே எறும்பு மொய்த்ததுபோலப் பலவகை பாக்டீரியாக்கள். சீழ் செல்களோ இரண்டு மூன்றுதான்.

இந்தத் தட்டைச் செல்கள் வாய்க்கும் தொண்டைக்கும் உரியவை. மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருப்பது வேறு வகை, நுண்மயிர் கொண்ட நெட்டைச் செல்கள். அதனால் ஸ்குவாமஸ் செல்லை எண்ணுவது, டப்பாவில் எவ்வளவு எச்சில் இருக்கிறது என்று அளப்பதற்குச் சமம். ஒரு இடத்துக்குச் சராசரி பத்தைத் தாண்டினால் எங்கள் ஆய்வகத்தில் கல்ச்சர் கிடையாது. ஒரு மில்லி எச்சிலில் சுமார் பத்து கோடி பாக்டீரியா இருக்கும். அதைத் தட்டில் போட்டால் கட்டாயம் ஏதாவது வளரும். அப்படி வளர்வதுதான் ஆபத்து.

பயிற்சி மருத்துவர்: கல்ச்சர் போட்டுவிட்டு, ‘எச்சில் கலந்த மாதிரி’ என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்த்தால் போதாதா மேடம்?

நான் பயிற்சியில் இருந்த இடத்தில் அப்படித்தான் செய்தோம். அதன் விளைவை நேரில் பார்த்தேன். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், ஆஸ்பத்திரியில் சேர்ந்து நாலாவது நாள். எச்சில் மாதிரிதான் வந்தது. வார்டிலிருந்து வற்புறுத்தினார்கள், கல்ச்சர் போட்டோம். க்ளெப்சியெல்லா அடர்த்தியாக வளர்ந்தது. எச்சில் கலந்தது என்ற குறிப்பும் ரிப்போர்ட்டில் இருந்தது. ஆனால் ரவுண்ட்ஸில் வாசிக்கப்பட்டது கிருமியின் பெயரும், எந்த மருந்து கேட்கும் என்ற பட்டியலும்தான். அவருக்கு மெரோபெனெம் ஆரம்பித்தார்கள். இரண்டு நாள் கழித்து, சேர்ந்த அன்றே எடுத்திருந்த ரத்தக் கல்ச்சரில் நியூமோகாக்கஸ் வளர்ந்தது உறுதியானது. சாதாரண பெனிசிலினே கேட்கும் கிருமி. அதற்குள் மனிதருக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிட்டது. அது க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில். வீட்டுக்குப் போக மூன்று வாரம் ஆயிற்று.

அப்படியானால் க்ளெப்சியெல்லா எங்கிருந்து வந்தது? நோய் கடுமையாகி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், சில நாட்களிலேயே குடல் பாக்டீரியா வகைகள் தொண்டையில் குடியேறத் தொடங்கிவிடும். நுரையீரலில் அவை இல்லாமலேயே இருக்கலாம். பெயர் ஒன்று அச்சில் வந்துவிட்டால் யாரும் குறிப்பைப் படிப்பதில்லை. அதனால்தான் இப்போது நான் பெயரே கொடுப்பதில்லை.

வார்டு செவிலியர்: ‘நல்ல மாதிரி அனுப்புங்கள்’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எங்களிடம் இருப்பது இருமவே தெம்பில்லாத நோயாளி. எப்படி எடுப்பது?

சரியான கேள்வி சிஸ்டர், இதைக் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். முதலில் நிமிர்ந்து உட்கார வையுங்கள். படுத்தபடி எடுத்தால் பெரும்பாலும் எச்சில்தான் வரும். பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு, வெறும் தண்ணீரில் இரண்டு முறை கொப்பளிக்கச் சொல்லுங்கள். கிருமிநாசினி மவுத்வாஷ் வேண்டாம், அது நாம் தேடும் கிருமியையும் கொன்றுவிடும். மூச்சை ஆழமாக இழுத்து, இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, விட வேண்டும். மூன்றாவது மூச்சில் வயிற்றிலிருந்து இருமி நேரே டப்பாவுக்குள் துப்ப வேண்டும். ஒரு மில்லி கெட்டியான சளி போதும். மூடுவதற்கு முன் நீங்களே பாருங்கள்: கெட்டியாக, மஞ்சளாக, பச்சையாக, துருநிறமாக இருந்தால் அனுப்புங்கள். நுரைத்துத் தண்ணீராக இருந்தால் அங்கேயே இன்னொரு முறை முயலுங்கள்.

வரவே இல்லையென்றால், மருத்துவரிடம் கேட்டு 3 சதவீத உப்புநீரை நெபுலைசரில் கால் மணி நேரம் கொடுக்கலாம். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு இறுகக்கூடும், அதனால் சால்பூட்டமால் பக்கத்தில் இருக்கட்டும்.

எடுத்த மாதிரியை வார்டு மேசையில் விட்டுவிடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் எங்களிடம் வந்துவிட வேண்டும். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மேசையில் கிடந்தால் நியூமோகாக்கஸும் ஹீமோஃபிலஸும் சாகும், வாயிலிருந்து வந்தவை பெருகும். அப்புறம் எங்கள் தட்டு சொல்வதெல்லாம் பொய்.

எலும்பு அறுவை மருத்துவர்: ஒரு நாள் முழுக்கச் சேர்த்து அனுப்பினால் அளவும் கூடும், கிருமியும் கூடும் அல்லவா?

கூடும்தான், ஆனால் தவறான கிருமி. காலையில் துப்பியது மாலை வரை வார்டு மேசையில் ஊறும். ஒரே இருமலில் வந்த ஒரு மில்லி போதும்.

நுரையீரல் மருத்துவர்: பத்து என்பது என்ன வேதவாக்கா? சீழ் செல் ஐம்பது, ஸ்குவாமஸ் பதினைந்து என்றால் அது கீழேயிருந்து வந்த சளிதான், வழியில் கொஞ்சம் எச்சில் ஒட்டியிருக்கிறது. நீங்கள் அதையும் ஒதுக்குகிறீர்கள்.

இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது சார். 1970-களிலேயே இரண்டு வழிகள் வந்துவிட்டன. பார்ட்லெட் முறையில் சீழ் செல்லுக்குக் கூட்டி, ஸ்குவாமஸ் செல்லுக்குக் கழிப்பார்கள். 1975-இல் மர்ரேயும் வாஷிங்டனும் ஸ்குவாமஸ் எண்ணிக்கையே தரத்தைச் சொல்லிவிடும் என்று காட்டினார்கள். நாங்கள் இரண்டாவது வழியில் போகிறோம். சீழ் செல் வாயிலிருந்தும் வரும் என்பதுதான் காரணம். ஈறு அழுகியிருந்தாலோ தொண்டை புண்ணாயிருந்தாலோ எச்சிலில் ஐம்பது சீழ் செல்லைப் பார்க்கலாம்.

அவரே மீண்டும்: ஈறிலிருந்து வரும் சீழ் சிதறிக் கிடக்கும். மூச்சுக்குழாய்ச் சளி மியூக்கஸ் இழையோடு வரும், சீழ் செல்கள் அதில் வரிசையாக ஒட்டியிருக்கும். அனுபவசாலிக்கு வித்தியாசம் தெரியும். எண்ணை மட்டும் பார்ப்பது குமாஸ்தா வேலை.

இழையை நானும் பார்க்கிறேன். ஆனால் இரவுப் பணியில் ஸ்லைடு பார்ப்பவர் சேர்ந்து ஆறு மாதமே ஆனவராக இருக்கலாம். அவருக்கு ஒரு எண் வேண்டும். நீங்கள் சொல்வதுபோல இழையும் அதில் ஒரே வகை பாக்டீரியாவும் தெரிந்தால், பதினைந்து இருந்தாலும் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். அப்போது கல்ச்சர் போட்டு, ஸ்லைடில் கண்ட வகையை மட்டும் ரிப்போர்ட் செய்வேன்.

ரத்தப் புற்றுநோய் மருத்துவர்: எங்கள் நோயாளிகளுக்கு நியூட்ரோஃபிலே இல்லை. சீழ் செல்லைக் கூட்டிக் கழித்தால் எங்கள் மாதிரி ஒன்றுகூடத் தேறாது!

கூட்டிக் கழிக்கும் முறையை நான் எடுத்துக்கொள்ளாததற்கு இது இன்னொரு காரணம். சீழ் செல் இல்லை என்பதற்காக நாங்கள் ஒதுக்குவதில்லை. ஸ்குவாமஸ் குறைவாக இருந்தால் போதும். ஆனால் படிவத்தில் நியூட்ரோஃபில் எண்ணிக்கையை எழுதுங்கள். சீழ் செல் இல்லாத ஸ்லைடை அது தெரிந்தால்தான் சரியாகப் படிக்க முடியும்.

நுரையீரல் மருத்துவர்: படிவத்தில் யார் எழுதுகிறார்கள்? ‘காய்ச்சல், இருமல்’ என்று இரண்டு சொல்தான் வருகிறது. உங்கள் விதி காகிதத்தில் நிற்கிறது.

அது உண்மை. எழுதாமல் வரும் மாதிரிகளை எப்படிப் பிரிப்பது என்பதற்கு என்னிடம் இன்னும் நல்ல வழி இல்லை. வியாழக்கிழமை ஆய்வகத்துக்கு வாருங்கள் சார். பத்துக்கும் இருபதுக்கும் இடையில் விழுந்த ஸ்லைடுகளை எடுத்து வைக்கிறேன். எண்ணிக்கை தெரியாமல் இருவரும் தனித்தனியாகப் பார்ப்போம். எத்தனையில் ஒத்துப்போகிறோம் என்று தெரிந்த பிறகு விதியைத் தொடலாம்.

பொது மருத்துவ முதுநிலை மாணவர்: டிபி சந்தேகத்தில் நான் அனுப்பும் சளியையும் இப்படித் திருப்புவீர்களா? என் நோயாளி இரண்டு மாதமாக இருமுகிறார்.

கடிதம் சாதாரண பாக்டீரியா கல்ச்சரைப் பற்றியது மட்டுமே. டிபி கிருமி ஆரோக்கியமான வாயில் குடியிருப்பதில்லை, எனவே அது எச்சிலில் தெரிந்தாலும் அதற்கு அர்த்தம் உண்டு. தவிர, டிபி கல்ச்சருக்கு முன் சோடியம் ஹைட்ராக்சைடால் வாய்ப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடுகிறோம். ஸ்குவாமஸ் எண்ணி டிபி மாதிரியை ஒதுக்குவதில்லை. ஆனால் எச்சிலில் கிருமி அகப்படும் வாய்ப்பு குறைவு. அதிகாலைக் கெட்டிச் சளியாக அனுப்புங்கள்.

ஐசியூ மருத்துவர்: குழாய் வழியாக உறிஞ்சி எடுப்பதில் எச்சில் எப்படி வரும்?

குழாயைச் சுற்றி வாய்நீர் கீழே கசியும். அதே பத்துதான் எல்லை. அதோடு ஆயில் லென்ஸில் இருபது இடம் பார்த்தும் ஒரு பாக்டீரியாகூட இல்லையென்றால் அதையும் கல்ச்சர் போடமாட்டோம்.

மகப்பேறு மருத்துவர்: கொஞ்சம் எச்சில் கலந்திருந்தாலும் ஒருமுறை கல்ச்சர் போட்டுப் பார்க்கலாமே?

இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

காது மூக்கு தொண்டை மருத்துவர்: வேறு மாதிரி கிடைக்கவில்லை என்றால், இருப்பதையே போடலாமே?

இதற்கும் அதே பதில்தான். ரத்தக் கல்ச்சர் எடுங்கள்.

அறுவை சிகிச்சை மருத்துவர்: என் நோயாளியின் சளியில் கேண்டிடா வளர்ந்திருக்கிறது. ஃபுளூகோனசோல் தொடங்கட்டுமா?

சளியில் வளர்ந்த கேண்டிடாவை மட்டும் வைத்துத் தொடங்காதீர்கள். அநேகமாக அது வாயில் இருப்பது. மாதிரி எண்ணோடு கூப்பிடுங்கள்.

சிறுநீரக மருத்துவர்: சிறுநீர் மாதிரிகளைத் திருப்புவதற்கும் இதே எண்தானா?

இல்லை, அது வேறு கணக்கு. சிறுநீர் பெஞ்ச் பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

பொது மருத்துவர், அந்த நோயாளியைப் பார்ப்பவர்: இரண்டாவது மாதிரி மூன்று மணிக்கு அனுப்பினேன். பதினொரு மணிக்கே செஃப்ட்ரியாக்சோன் முதல் டோஸ் போட்டுவிட்டோம். நிறுத்தி வைத்திருக்க வேண்டுமா?

கூடவே கூடாது. மாதிரிக்காக மருந்தைத் தள்ளிப்போடச் சொல்லி நான் எழுதியதே இல்லை. முன்னாலேயே ரத்தக் கல்ச்சர் எடுத்திருந்தீர்கள், அது நல்லது.

ஸ்லைடைப் பார்த்துவிட்டேன். துருநிறச் சளி, ஸ்குவாமஸ் மூன்று, சீழ் செல் எண்ண முடியாத அளவு. அவற்றுக்கு நடுவே ஊதா நிறத்தில் இரண்டிரண்டாக, ஈட்டிமுனை போலக் கூரான காக்கஸ் கிருமிகள் நிறைய. பார்க்க நியூமோகாக்கஸ். மருந்து உள்ளே போய் நாலு மணி நேரம் ஆகிவிட்டதால் தட்டில் வளராமலும் போகலாம். அப்படியானால் இந்த ஸ்லைடையும் ரத்தக் கல்ச்சரையும்தான் நம்ப வேண்டியிருக்கும். தட்டை நாளைக் காலை பார்த்ததும் கூப்பிடுகிறேன்.