புது கார் கம்பெனியை நம்பி வாங்கலாமா? ஷோரூமுக்கு முன்னாடி பார்ட்ஸ் கவுண்டருக்கு போங்க

கேள்வி: ஒரு புது பிராண்டோட எஸ்யூவி எனக்கும் வீட்ல எல்லாருக்கும் ரொம்ப புடிச்சிருக்கு. ஆனா கம்பெனி மார்க்கெட்டுக்கு வந்தே ரெண்டு வருஷம்தான் ஆகுது. 8 வருஷ வாரண்டி தர்றாங்க. ஸ்பேர் பார்ட்ஸ், சர்வீஸ், ரீசேல் எல்லாம் எப்படி இருக்கும்னு யார்கிட்ட கேட்டாலும் "இப்ப சொல்ல முடியாது"ங்கறாங்க. எதை வச்சு முடிவு பண்றது?

பதில்: இப்பவே ஓரளவு சொல்லிடலாம்ங்க, கேக்க வேண்டிய ஆள்கிட்ட கேட்டா. சேல்ஸ்மேன்கிட்ட கேட்டா "எல்லாமே ஸ்டாக்ல இருக்கு சார்"னுதான் வரும், அவரையும் குத்தம் சொல்ல முடியாது, அவர் வேலை அது.

எல்லா பார்ட்ஸும் ஒண்ணு இல்லைங்கறதை முதல்ல புரிஞ்சுக்கணும். பிரேக் பேட், ஃபில்டர், டயர், பேட்டரி, பேரிங் இதெல்லாம் பெரும்பாலும் கார் கம்பெனி செய்யறதே இல்லை, வெளியில இருக்கற சப்ளையர்கள்தான் பல கம்பெனிகளுக்கு செஞ்சு தர்றாங்க, அதனால பிராண்ட் புதுசா இருந்தாலும் இதுக்கு மாற்று எப்படியாவது கிடைச்சுடும். உண்மையான தலைவலி ஹெட்லைட், பம்பர், கதவு, முன் கண்ணாடி, சைடு மிரர், அப்புறம் கண்ட்ரோல் யூனிட்டுங்க. இதெல்லாம் அந்த ஒரு மாடலுக்குன்னே அச்சு போட்டு செய்யறது, வேற எவனும் செய்ய மாட்டான். புதுசா வந்த கம்பெனி முதல் ரெண்டு வருஷம் அந்த பார்ட்ஸை எல்லாம் புது வண்டி அசெம்பிள் பண்ணதான் அனுப்பும், குடோனுக்கு மிச்சம் மீதிதான் வரும்.

என் மச்சான் இப்படி ஒரு புது பிராண்ட் கார் வாங்கினான். நிறுத்தி வச்சிருந்த வண்டியோட மூக்குல ஒருத்தர் ரிவர்ஸ்ல வந்து லேசா இடிச்சுட்டார், வேகம்னு சொல்லவே முடியாது. பம்பர் ரெண்டு வாரத்துல வந்துடுச்சு, ஹெட்லைட் வர 11 வாரம் ஆச்சு. உடைஞ்சது வெளி கண்ணாடி மட்டும்தான், ஆனா இப்ப வர்ற எல்இடி ஹெட்லைட்ல பல மாடல்கள்ல அதை மட்டும் தனியா தர மாட்டாங்க, முழு அசெம்பிளியா மாத்தணும். பழைய வண்டியில இருந்து ஒண்ணு கழட்டி போடலாம்னு பார்த்தா உள்ள இருக்கற மாடியூலை கம்பெனி சாஃப்ட்வேர் வச்சு அந்த வண்டிக்கு கோடிங் பண்ணாதான் எரியும்னுட்டாங்க. இன்ஷூரன்ஸ் ரிப்பேர் செலவை குடுத்துச்சு, 11 வாரம் வாடகை வண்டியில போனதுக்கு குடுக்கல. இஎம்ஐ மட்டும் ஒரு மாசம் கூட லேட் ஆகாம டாண்ணு போயிட்டு இருந்துச்சு.

அதனால நீங்க சர்வீஸ் சென்டர் பார்ட்ஸ் கவுண்டருக்கு நேரா போய், வலது ஹெட்லைட், முன் கண்ணாடி, முன் பம்பர், ஏசி கண்டென்சர்னு நாலே நாலு பேர் சொல்லுங்க. ஒவ்வொண்ணுக்கும் பார்ட் நம்பர், விலை, இப்ப ஸ்டாக் எங்க இருக்கு, கடைசியா ஒண்ணு ஆர்டர் போட்டது எந்த தேதி, வந்தது எந்த தேதின்னு கேளுங்க. கடைசி கேள்விதான் முக்கியம், ஏன்னா "எத்தனை நாள் ஆகும்"னு கேட்டா வாய்க்கு வந்ததை சொல்லலாம், தேதியை சிஸ்டத்தை பார்த்துதான் சொல்லணும். பார்ட் நம்பரே இன்னும் சிஸ்டத்துல ஏறலைன்னா அதுக்கு மேல கேக்க ஒண்ணும் இல்லை. முன் கண்ணாடிக்கு இன்னொண்ணு, உங்க மாடல்ல டிரைவருக்கு உதவற கேமரா அதுக்கு பின்னாடி இருந்தா மாத்தினதும் கேலிப்ரேஷன் பண்ணணும், அந்த கருவி இங்கயே இருக்கா இல்ல வேற ஊருக்கு அனுப்புவாங்களான்னும் கேட்டுடுங்க.

வெளிய வரும்போது யார்டை ஒரு சுத்து சுத்தி பாருங்க. தூசி படிஞ்சு, பேட்டரி வயர் கழட்டி, பம்பர் இல்லாம அஞ்சாறு வண்டி நிக்குதுன்னா அது பார்ட்ஸுக்கு காத்திருக்கற கூட்டமாதான் இருக்கும். ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப போங்க, அதே வண்டி அதே இடத்துல நிக்குதான்னு பாருங்க. பக்கத்துல எல்லா வண்டியும் பார்க்கற பாடி ஷாப் இருந்தா அவங்ககிட்டயும் கேளுங்க, அவங்களுக்கு விக்கறதுக்கு ஒண்ணும் இல்லை, பட்டுன்னு சொல்லிடுவாங்க.

சர்வீஸ்ல சென்டர் எண்ணிக்கையை நம்பாதீங்க. உங்களுக்கு ரெண்டாவது பக்கத்துல இருக்கற சென்டர் எவ்வளவு தூரம்னு பாருங்க, ஏன்னா முதல் டீலர் லாபம் வரலன்னு கடையை மூடிட்டா அதுதான் உங்க கதி. எலெக்ட்ரிக்கா ஹைபிரிடா இருந்தா ஹை வோல்டேஜ் வேலைக்கு டிரெயினிங் எடுத்தவங்க எத்தனை பேர்னு கேளுங்க, ஒருத்தர்தான்னா அவர் லீவு போடற நாள்ல உங்க வண்டிக்கும் லீவு.

8 வருஷ வாரண்டிங்கறது கம்பெனி 8 வருஷம் இருந்தாதான். அமெரிக்க எலெக்ட்ரிக் கார் கம்பெனி ஃபிஸ்கர் 2024 மார்ச்ல தன்னோட ஓஷன் எஸ்யூவி டாப் மாடலுக்கு சுமார் 39% விலை குறைச்சான், அதே ஜூன்ல திவால் மனு போட்டுட்டான். ஏற்கனவே முழு விலை குடுத்து வாங்கினவங்க ரீசேல் ஒரே நாள்ல போச்சு, அப்புறம் வாரண்டி, பார்ட்ஸ், சாஃப்ட்வேர் எல்லாத்துக்கும் ஓனர்களே சங்கம் வச்சு அலைய வேண்டியதாச்சு. இதுக்கு நேர் எதிரா சுவீடன் கார் கம்பெனி சாப் 2011 டிசம்பர்ல திவால் ஆச்சு, ஆனா அவனோட பார்ட்ஸ் வியாபாரம் தனி கம்பெனியா இருந்ததால தப்பிச்சுது, பின்னாடி ஓரியோன்னு பேர் மாத்திக்கிட்டு பார்ட்ஸ் வித்துக்கிட்டு இருந்தாங்க. அதனால பிராண்ட் வயசை விட அதுக்கு பின்னாடி யார்னு பாருங்க. பெரிய குரூப்போட புது பேர்தான், இன்ஜினும் பிளாட்ஃபார்மும் அதே குரூப்ல ஏற்கனவே ஓடற மாடல்ல இருக்குன்னா பாதி பயம் குறையும். மெக்கானிக்கல் பயம் மட்டும்தான், ஹெட்லைட் பயம் அப்படியேதான் இருக்கும்.

ரீசேலுக்கு கணக்கு போட்டு பாருங்க, எல்லாரும் பயமுறுத்தற அளவுக்கு எப்பவும் இருக்காது. பேர் போன பிராண்ட் 100க்கு வாங்கி 4 வருஷத்துல 55க்கு போகுதுன்னு வச்சுக்குவோம், நஷ்டம் 45. புதுசு அதே சைஸ் 85க்கு கிடைச்சு 35க்கு போனா நஷ்டம் 50. வித்தியாசம் வெறும் 5தான். 8 வருஷம் வச்சுக்கிட்டா பழசு 30க்கும் புதுசு 15க்கும் போனா கூட ரெண்டு பக்கமும் நஷ்டம் 70, சமம். ஆனா விலை கிட்டத்தட்ட ஒண்ணாவே இருந்தா இந்த கணக்கு அப்படியே கவுந்துடும். நிஜ நம்பர் வேணும்னா அதே மாடல் ஒரு வருஷம் ஓடினதை வாங்கறியான்னு ரெண்டு மூணு பழைய கார் வியாபாரிகிட்ட கேளுங்க, விளம்பரத்துல போட்டிருக்கற விலையை பார்க்காதீங்க, அது விக்கறவன் ஆசை. விலை சொல்லாம "நாங்க எடுக்கறதில்லை சார்"னு நழுவறாங்கன்னா அதுவும் பதில்தான்.

நீங்க 3 வருஷத்துல மாத்தற ஆளா, வீட்ல இது ஒரே வண்டியா இருந்தா நான் இப்ப வேணாம்னுதான் சொல்லுவேன், இன்னும் ஒரு வருஷம் பொறுங்க. ரெண்டாவது வண்டி, 7, 8 வருஷம் வச்சுக்கற எண்ணம், பார்ட்ஸ் கவுண்டர்ல அந்த நாலுல மூணுக்காவது ரெண்டு வாரத்துக்குள்ள வந்த தேதியை காட்டறாங்கன்னா தாராளமா புக் பண்ணுங்க. அப்படி பண்ணா இன்ஷூரன்ஸ்ல வண்டி ஷாப்ல நிக்கற நாளுக்கு மாற்று வண்டியோ தினப்படியோ தர்ற கவர் இருந்தா சேர்த்துக்கோங்க, எத்தனை நாள் வரைக்கும்னு படிச்சுட்டு. மச்சான் அடுத்த ரினியூவல்ல அதைத்தான் சேர்த்தான், பார்த்தா அது அதிகபட்சம் 15 நாளுக்குத்தானாம்.