தம்பி படிப்பும் என் சேமிப்பும்

ஐயா,

எனக்கு 27 வயது. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை. கைக்கு 46,000 வருகிறது. வாடகை, சாப்பாடு, போக்குவரத்துக்கு 17,000. சங்கரன்கோவிலில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு 12,000. மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்ஐபி 5,000. மீதி 12,000. அப்பா விசைத்தறியில் இருந்தவர், 63 வயது, சர்க்கரை உண்டு, பென்ஷன் கிடையாது. தம்பிக்குக் கவுன்சலிங்கில் பொறியியல் இடம் கிடைத்திருக்கிறது. விடுதியோடு வருடத்துக்கு 1,10,000 ஆகும். போன மாதம் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததில் 38,000 போய்விட்டது, தோழியிடம் கடன் வாங்கினேன். "தம்பி படிப்பு முடியட்டும், உனக்கு அப்புறம் சேர்த்துக்கலாம்" என்கிறார் அம்மா. எஸ்ஐபியை நிறுத்திவிடலாமா?

க., சென்னை

அன்புள்ள க.,

நிறுத்த வேண்டாம். தம்பியின் கட்டணத்தை உங்கள் சம்பளத்திலிருந்து கட்டவும் வேண்டாம். கல்விக் கடன் வாங்குங்கள், தம்பி பெயரில்.

அம்மா சொல்லும் "அப்புறம்" எவ்வளவு என்று முதலில் பார்ப்போம். படிப்பு நான்கு வருடம், பிறகு உங்கள் கல்யாணம், அது இது என்று ஆறு வருடம் ஓடிவிடும். மாதம் 5,000 ரூபாயை 30 வருடம் போட்டு, ஆண்டுக்குச் சராசரி 10 சதவீதம் வளர்ந்தால் சுமார் 1 கோடியே 13 லட்சம் ஆகும். ஆறு வருடம் விட்டுவிட்டு மீதி 24 வருடம் மட்டும் போட்டால் 59 லட்சத்துச் சொச்சம். அதே 1.13 கோடியை எட்ட வேண்டுமென்றால் அப்போது மாதம் 9,500 போட வேண்டும். 10 சதவீதம் என்பது என் அனுமானம்தான், சந்தை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. 8 சதவீதம் வைத்துப் பார்த்தால் இடைவெளி சுருங்கும். ஆனாலும் இருக்கும்.

கல்விக் கடன் வட்டியும் ஏறக்குறைய 10 சதவீதம்தானே, கடன் வாங்கி முதலீடு செய்வதில் என்ன லாபம் என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. வட்டி வித்தியாசத்தில் நீங்கள் சம்பாதிக்கப் போவதில்லை. கட்டணத்தைச் செலுத்தும் காலம் தள்ளிப்போகிறது, செலுத்தும் ஆளும் மாறுகிறார். கடன் வேண்டும் என்று நான் சொல்வது அதற்காகத்தான். படிப்பால் சம்பளம் வாங்கப்போவது தம்பி. நாலு லட்சத்தை இன்று உங்களிடமிருந்து எடுத்தால் அதை நாளை அவன் திருப்பித் தருவான் என்று எந்தக் குடும்பத்திலும் எழுதி வைப்பதில்லை.

இனி விவரம். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது, நம் பங்காகப் பணம் போடவும் சொல்லக் கூடாது. அதனால் வருடம் 1 லட்சம் வீதம் நான்கு லட்சத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதிப் பத்தாயிரத்தை நீங்கள் கட்டுங்கள். கிளை மேலாளர் வாய்மொழியாகக் கையை விரித்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். மேலதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் கிளையே மறுக்கக் கூடாது என்பது அதே திட்டத்தில் இருக்கிறது.

படிக்கும் நான்கு வருடமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும், அது தனிவட்டி. பலர் சறுக்குவது இங்கேதான். 10 சதவீதத்தில் முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000, அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, 20,000. ஒன்றுமே கட்டாமல் விட்டால் தவணை தொடங்கும் நாளில் நிலுவை 5,40,000. அதை ஏழு வருடத்தில் அடைக்க மாதம் 9,000 வரும். நீங்கள் வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டி வந்தால் முதல் வருடம் மாதம் 830 ரூபாய் போல, கடைசியில் 3,330. அப்போது தம்பி தொடங்குவது 4 லட்சத்தில், தவணை 6,640. படிக்கும்போதே வட்டி கட்டினால் பல வங்கிகள் வட்டி விகிதத்திலும் கொஞ்சம் குறைக்கும்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் என்று வட்டாட்சியர் சான்று கிடைத்து, கல்லூரிக்கோ படிப்புக்கோ உரிய தரச்சான்று இருந்தால், அந்த ஐந்து வருட வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் உண்டு. உங்கள் சம்பளத்தைச் சேர்த்தால் வரம்பு தாண்டிவிடும். எனவே மானியம் வராது என்றே கணக்குப் போடுங்கள். வந்தால் வரட்டும். முதல் பட்டதாரிச் சலுகையும் தம்பிக்குக் கிடையாது, வீட்டின் முதல் பட்டதாரி நீங்கள். அவன் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 வரும். அவன் கைச்செலவுக்கு அது போதும்.

கையெழுத்தில் கவனம் தேவை. இணைக் கடனாளியாக அப்பாவைப் போடப் பாருங்கள். வருமானம் போதாது என்று வங்கி உங்களைக் கேட்கலாம். போட்டால், அந்தக் கடன் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் ஏறும். நாளை நீங்கள் வீட்டுக் கடன் கேட்கும்போது கணக்கில் வரும், தம்பி ஒரு தவணை தவறினால் உங்கள் மதிப்பெண் இறங்கும். வேறு வழியில்லையென்றால் போடுங்கள், தவறில்லை. தெரிந்து போடுங்கள். "வட்டிக்கு வரிவிலக்கு உண்டு மேடம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த விலக்கில் கணவன் மனைவி, பிள்ளைகள், சட்டப்படி நீங்கள் பாதுகாவலராக உள்ள மாணவர் வருவார்கள், உடன்பிறந்தவர் வரமாட்டார். உங்கள் சம்பளத்துக்குப் புதிய வரிமுறையில் எப்படியும் வரி வராது.

உங்கள் எஸ்ஐபியை உண்மையில் உடைக்கப்போவது கல்லூரிக் கட்டணத்தைவிட அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுதான். அந்த 38,000 அதற்கு முன்னோட்டம். நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்று மனிதவளத் துறையில் கேளுங்கள். பெரும்பாலான குழுக் காப்பீடுகளில் ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கும் முதல் நாளிலிருந்தே கிடைக்கும். வேலை மாறினால் அது போய்விடும் என்பது குறை. தனியாக எடுத்தால் சர்க்கரை தொடர்பான சிகிச்சைக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அதற்காக நோயை மறைத்து எழுதாதீர்கள், பணம் கேட்கும்போது அதையே காரணமாக வைத்து மறுப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000. ஒரே குடும்ப அட்டையில் இருந்தால் உங்கள் சம்பளத்தையும் கேட்கக்கூடும். அப்பாவுக்கு 70 ஆனதும் வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அதுவரை ஏழு வருடத்தைக் கடத்த வேண்டும்.

ஆக, மிஞ்சும் 12,000 முதல் வருடம் இப்படிப் போகட்டும். கடன் வட்டிக்கும் கல்லூரியின் மீதிப் பத்தாயிரத்துக்கும் சேர்த்து மாதம் 1,700. மூன்று பேர் உங்களை நம்பியிருப்பதால் உங்கள் பெயரில் 50 லட்சத்துக்கு டேர்ம் இன்சூரன்ஸ், மாதக் கணக்கில் ஆயிரத்துக்குள் அடங்கும். சேமிப்பும் காப்பீடும் கலந்த பாலிசியை உறவினர் யாராவது கொண்டு வந்தால் காபி கொடுத்து அனுப்புங்கள். பெற்றோர் காப்பீட்டுக்கு 3,000 ஒதுக்கி வையுங்கள். முதல் ஆறு மாதமும் மிச்சத்தைத் தோழிக்குத் திருப்பிக் கொடுங்கள், அவர் பொறுப்பாரென்றால் இன்னும் சில மாதம் நீட்டிக்கொள்ளலாம். பிறகு மாதம் 6,000, அப்பாவின் ஆஸ்பத்திரிக்கென்று வேறு வங்கியில் தொடர் வைப்பாக. இரண்டு வருடத்தில் வட்டி நீங்கலாக 1,44,000 சேரும். ஏடிஎம் கார்டு வாங்க வேண்டாம்.

வட்டி வருடாவருடம் 830 வீதம் கூடும், அதைச் சம்பள உயர்வு தாங்கும். ஏதாவது ஒரு மாதம் முட்டினால் எஸ்ஐபியை 2,000 ஆக்குங்கள், ரத்து செய்யாதீர்கள். பி.எஃப். பணத்தை மட்டும் தொடாதீர்கள்.

தம்பியை வங்கிக்கு நீங்களே அழைத்துப் போய் 6,640 என்ற எண்ணைக் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அம்மாவும் கூட இருக்கட்டும்.