கைக்கடிகாரமும் எல்எஃப்–எச்எஃப் விகிதமும்: கேள்வி பதில்

என் வாட்சின் தரவைப் படிக்கும் செயலி எல்எஃப்–எச்எஃப் விகிதத்தை நேற்று 1.1 என்றது, இன்று 3.4 என்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையிலான நேரம் அலைபோல நீண்டும் குறைந்தும் வருகிறது. அந்த அலைகளில் 0.15 முதல் 0.40 ஹெர்ட்ஸ் வரை உள்ளவற்றின் ஆற்றலை உயர் அதிர்வெண், அதாவது எச்எஃப் என்றும், 0.04 முதல் 0.15 வரை உள்ளவற்றின் ஆற்றலைத் தாழ் அதிர்வெண், அதாவது எல்எஃப் என்றும் கணக்கிட்டு, பின்னதை முன்னதால் வகுக்கிறார்கள். இந்த எல்லைகளை 1996இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகளின் கூட்டுக் குழு வகுத்தது. குறுகிய பதிவுக்கு ஐந்து நிமிடம் என்ற வழக்கமும் அதிலிருந்து வந்ததுதான். எல்எஃப் பட்டையின் மிக மெதுவான அலை ஒருமுறை ஏறி இறங்கவே 25 நொடி ஆகும். ஆகவே ஒரு நிமிடப் பதிவில் அது இரண்டே முறைதான் தென்படும். அதைக் கொண்டு ஆற்றலை மதிப்பிடுவது ஏறத்தாழ ஊகமே. முதலில் உங்கள் செயலி எவ்வளவு நேரப் பதிவிலிருந்து கணக்கிடுகிறது என்று பாருங்கள்.

எல்எஃப் இதயத்தை முடுக்கும் பரிவு நரம்பு, எச்எஃப் அதை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பு. ஆகவே விகிதம் ஏறினால் மன அழுத்தம் ஏறியது என்றுதானே பொருள்?

நீங்கள் சொன்னதில் எச்எஃப் பற்றிய பாதி பெருமளவு சரி. சுவாசத்தோடு சேர்ந்து வரும் அந்த ஏற்ற இறக்கத்தை வேகஸ் நரம்பே கடத்துகிறது. எல்எஃப் அப்படியல்ல. இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் அனிச்சைச் செயல் ஏறத்தாழ 0.1 ஹெர்ட்ஸில் எழுப்பும் அலை அதில் பெரும்பங்கு வகிக்கிறது, அதிலும் வேகஸுக்குக் கணிசமான கை உண்டு. வேகஸின் விளைவைத் தடுக்கும் அட்ரோபின் கொடுத்தால் எச்எஃப் மட்டுமன்றி எல்எஃபும் வெகுவாகச் சரிகிறது. பரிவு நரம்பு உச்சத்தில் இயங்கும் கடுமையான இதயச் செயலிழப்பில் எல்எஃப் ஏறுவதற்குப் பதிலாக மறைந்தே போவதுண்டு. இந்த விகிதத்தை நரம்புச் சமநிலையின் அளவுகோலாக 1980களில் முன்வைத்தவர்கள் இத்தாலியின் பகானி, மல்லியானி குழுவினர். 2013இல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் பில்மன் அதை விரிவாக மறுத்து எழுதினார். எழுந்து நிற்கும்போது விகிதம் பொதுவாக ஏறுகிறது என்பதைக் காட்டி அதன் பயனை வலியுறுத்துவோர் இன்றும் இருக்கிறார்கள். என் கருத்தில், ஒரே நிலையில் ஒரே மூச்சு வேகத்தில் எடுத்த பதிவுகளை ஒப்பிடும்போது மட்டுமே அதற்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு.

நான் தினமும் மெதுவான மூச்சுப் பயிற்சி செய்கிறேன், நிமிடத்துக்கு ஆறு மூச்சு. அந்த நேரத்தில் விகிதம் 9 வரை போகிறது. மனம் அமைதியாக இருக்கிறது, ஆனால் எண் பயமுறுத்துகிறது.

பயப்பட ஒன்றுமில்லை, எண்தான் இடம் மாறியிருக்கிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்றால் 0.1 ஹெர்ட்ஸ். வழக்கமாக நிமிடத்துக்கு 15 மூச்சு விடுபவருக்கு 0.25 ஹெர்ட்ஸில், அதாவது எச்எஃப் பட்டையில் விழ வேண்டிய சுவாச அலை முழுவதும் உங்களுக்கு எல்எஃப் பட்டைக்குள் விழுந்துவிடுகிறது. வகுபடும் எண் பெருக, வகுக்கும் எண் தேய, விகிதம் தாவுகிறது. வேகஸ் நன்றாக இயங்கும் அந்த நேரத்தையே செயலி மன அழுத்தம் என்று எழுதிவிடும். இரண்டு பட்டைகளின் எல்லையான 0.15 என்பது நிமிடத்துக்கு ஒன்பது மூச்சு. இயல்பாகவே ஒன்பதை ஒட்டி மூச்சு விடுபவர்களுக்கு, உடலில் எதுவும் மாறாமலே, விகிதம் நாளுக்கு நாள் ஊசலாடும். உங்கள் மூச்சு வேகத்தைத் தெரிந்துகொள்ளாமல் இந்த எண்ணைப் படிக்கவே முடியாது.

நான் சமிக்ஞைச் செயலாக்கத் துறையில் இருக்கிறேன். உறக்கத்தில், கை அசையாதபோது, வாட்சின் ஒளி உணரி தரும் துடிப்பு இடைவெளிகள் ஈசிஜியோடு நன்றாகவே பொருந்துகின்றன. பிறகு ஏன் வாட்ச் தந்த எண்களை ஒதுக்கச் சொல்கிறீர்கள்?

சராசரித் துடிப்பு வேகத்துக்கும், அடுத்தடுத்த இடைவெளிகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை உறக்கத்தில் அளக்கும் ஆர்எம்எஸ்எஸ்டிக்கும் உங்கள் வாதத்தை ஏற்கிறேன். விகிதத்துக்கு அது போதாது. பிழை இரண்டு பட்டைகளிலும் சமமாகப் பரவாததே காரணம்.

ஒருவருக்கு ஐந்து நிமிடத்தில் எல்எஃப் 150, எச்எஃப் 100 மில்லிநொடி வர்க்கம், விகிதம் 1.5 என்று வையுங்கள். நடுத்தர வயதைத் தாண்டிய பலருக்கு இது இயல்பான அளவுதான். துடிப்பு இடைவெளி 800 மில்லிநொடி. மொத்தம் 375 இடைவெளிகள். அவற்றின் நடுவே ஒரே ஒரு துடிப்பு முந்தி வந்து 520 என்றும், அதை ஈடுசெய்யும் 1080 என்றும் ஒரு சோடி விழுகிறது. 280ஐ வர்க்கமாக்கி, இரட்டித்து, 375ஆல் வகுத்தால் மொத்த மாறுபாட்டில் ஏறத்தாழ 418 கூடுகிறது. ஒன்று குறைந்து அடுத்தது கூடும் இந்த வடிவம் வேகமான அலைகளின் பக்கமே சாய்வதால், எச்எஃபில் சுமார் 138 சேர, எல்எஃபில் 9 மட்டுமே சேர்கிறது. மீதி பெரும்பாலும் 0.40க்கு மேலே போய்விடுகிறது. விகிதம் 159க்கு 238, அதாவது 0.67 ஆகிவிடும். ஒரே துடிப்பு முடிவைத் தலைகீழாக்கிவிட்டது.

ஈசிஜியில் அந்தத் துடிப்பின் வடிவத்தைக் கண்டு விலக்கலாம். மணிக்கட்டில் முந்தி வந்த துடிப்பின் இரத்த அலை பலவீனமாக இருப்பதால் வாட்ச் அதைத் தவறவிட்டு 1600 என்று ஒரே இடைவெளியாகக் காட்டவும் கூடும். நீங்கள் குறிப்பிடும் அசையாத உறக்கத்திலும் இது நடக்கும். அத்துடன், ஈசிஜி இதயத்தின் மின்துடிப்பை அளக்கிறது, வாட்சோ இரத்த அலை மணிக்கட்டை வந்தடையும் நேரத்தை அளக்கிறது; அந்தப் பயண நேரமே மூச்சோடு சேர்ந்து மாறுவதால் எச்எஃப் பட்டையில் இன்னொரு கலப்படம்.

இதற்கு மருந்தாகச் செய்வதே சில சமயம் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. ஐயத்துக்குரிய துடிப்புகளை நீக்கி, இடைவெளிகளை நேர்கோட்டால் நிரப்பினால் சுவாச அலை மழுங்கி, எச்எஃப் குறைந்து, விகிதம் ஏறும். பிழை எந்தத் திசையில் இருக்கும் என்பது நிரலை எழுதியவர் என்ன செய்தார் என்பதைப் பொறுத்தது.

உயர் அதிர்வெண் என்றால் இதயம் வேகமாகத் துடிக்கிறது என்றுதானே? எனக்கு ஓய்விலேயே 90 வருகிறது, இதனால்தானா?

இல்லை, இரண்டும் வேறு. நிமிடத்துக்கு 90 என்பது துடிப்பின் வேகம். இங்கே பேசுவது அந்த வேகம் ஏறி இறங்கும் அலையைப் பற்றி. ஓய்வில் தொடர்ந்து 90 இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், இந்த விகிதத்தில் அதற்கு விடை தேடாதீர்கள்.

சரி, விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர் என்ன செய்யலாம்?

ஈசிஜி அடிப்படையிலான மார்புப் பட்டையை அணிந்து, படுத்தபடி சில நிமிடம் ஓய்ந்தபின், ஐந்து நிமிடம் பதிவுசெய்யட்டும். மூச்சை ஒரு ஒலிக்குறிப்போடு சேர்த்து நிமிடத்துக்கு 15 என்று நிறுத்தலாம். வேண்டுமென்று கட்டுப்படுத்திய மூச்சே எண்ணைக் கொஞ்சம் மாற்றும் என்ற ஆட்சேபம் உண்டு, எனினும் தெரியாத மூச்சைவிட அது மேல். பின்னர் விகிதத்தைப் பார்க்கும் முன் இடைவெளிகளின் வரைபடத்தைக் கண்ணால் பாருங்கள்: பக்கத்து இடைவெளியைப் போல இரு மடங்காக ஒன்று துருத்தி நின்றால் துடிப்பு தவறியிருக்கிறது, குட்டையும் நெட்டையுமாகச் சோடி தெரிந்தால் துடிப்பு முந்தியிருக்கிறது. அத்தகையவை ஒன்றிரண்டுக்கு மேல் இருந்தால் திருத்த முயலாமல் மறுபடி பதிவுசெய்வதே நல்லது. இடைவெளிகளைக் கொடுக்காமல் விகிதத்தை மட்டும் காட்டும் செயலியில் இந்தச் சோதனைக்கே வழியில்லை.