ரோஸ்டர் போட்ட பிறகு வரும் ட்யூட்டி மாற்றங்களை எப்படிக் கையாள்வது?

கேள்வி: புதிதாக ஒரு மெடிக்கல் வார்டுக்குப் பொறுப்பாக வந்திருக்கிறேன். ரோஸ்டரை ஒட்டின அன்றைக்கே "சிஸ்டர், மாத்தித் தாங்க" என்று வரத் தொடங்கிவிடுகிறார்கள். எல்லாருக்கும் ஓம் என்றால் வார்ட் குழம்புகிறது, இல்லை என்றால் முகம் கறுக்கிறது. ஆளும் குறையாமல், ஓய்வும் கெடாமல் இதை எப்படிச் செய்வது?

பதில்:

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் ஒரு வைத்தியசாலையில் வார்ட் பொறுப்பில் இருக்கிறேன். எங்களுடைய ஷிப்ட் நீங்கள் பார்ப்பதுதான்: காலை 7 முதல் 1, பகல் 1 முதல் இரவு 7, இரவு 7 முதல் காலை 7. காலையில் நான்கு பேர், மாலையில் மூன்று, இரவில் இரண்டு. இதுதான் எங்கள் வார்டில் குறைந்தபட்சம். இதை வைத்தே சொல்கிறேன்.

மாற்றம் கேட்டு வந்தால் பொறுப்பில் இருப்பவர்கள் முதலில் தலையை எண்ணுகிறார்கள். ஒருவருக்கு ஒருவர் மாறும்போது தலைக்கணக்கு எப்போதும் சரியாகத்தான் வரும். ஒருவர் போகிறார், இன்னொருவர் வருகிறார், நான்கு நான்காகவே இருக்கும். அதனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைத்தால் எல்லா மாற்றமும் நல்ல மாற்றமாகத் தெரியும். கெடுவது இரண்டு இடங்களில். ஒன்று, மாறிய ஷிப்டுக்கு முன்னும் பின்னும் அந்த ஆளுக்கு என்ன இருக்கிறது என்பது. மற்றது, மாறிய பிறகு அந்த நேரத்தில் யார் யார் சேர்ந்து நிற்கிறார்கள் என்பது.

ஓய்வுக்கு நான் வைத்திருக்கும் அளவு 12 மணி நேரம். சர்வதேச தொழில் அமைப்பின் தாதியர் பற்றிய 1977ஆம் ஆண்டுப் பரிந்துரை (இலக்கம் 157) இரண்டு ஷிப்டுக்கு இடையில் குறைந்தது 12 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும் என்கிறது. மேலதிக நேரத்தையும் சேர்த்து ஒரு நாள் வேலை 12 மணியைத் தாண்டக்கூடாது என்றும் சொல்கிறது. அது பரிந்துரைதான், யாரையும் கட்டாயப்படுத்தும் சட்டமில்லை. ஆனால் நம்முடைய 7–1–7 முறைக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. மாலை முடித்து மறுநாள் காலை வந்தால் சரியாக 12 மணி. காலையும் மாலையும் ஒரே நாளில் சேர்ந்தால் 12 மணி வேலை. அதுவும் எல்லைக்குள்தான், ஆனால் அடுத்து ஓய்வு இருக்க வேண்டும். மாலையோடு இரவு ஒட்டினால் 18 மணி. இரவோடு மறுநாள் காலை ஒட்டினாலும் 18 மணி. காலை செய்துவிட்டு அன்றே இரவு வந்தால் நடுவில் ஆறு மணிதான். ஆள் பற்றாக்குறையால் சில வார்டுகளில் ரோஸ்டரிலேயே காலை–இரவு போடுகிறார்கள், தெரியும். அது வேறு சண்டை. ரோஸ்டரில் இல்லாத அப்படி ஒன்று மாற்றத்தால் புதிதாக முளைப்பதற்கு நான் விடுவதில்லை.

ஒரு உதாரணத்தோடு சொன்னால் விளங்கும். எங்கள் பக்கத்தில் மாற்றக் கோரிக்கை குவிகிற நேரம் நோன்புப் பெருநாள். முஸ்லிம் பிள்ளைகள் பலர் ஒரே நாளுக்குக் கேட்பார்கள், அந்த நாள் எது என்பதும் முதல்நாள் பிறை பார்க்கும் வரை உறுதியில்லை. வியாழன் மாலை பிறை தென்பட்டால் வெள்ளி பெருநாள், இல்லாவிட்டால் சனி. பர்ஸானா, சுமதி, கௌரி என்று மூன்று பேரை வைத்துக்கொள்வோம். ரோஸ்டர் இப்படி:

பர்ஸானா: வெள்ளி காலை, சனி காலை, ஞாயிறு இரவு, செவ்வாய் காலை, புதன் மாலை
சுமதி: வியாழன் இரவு, சனி மாலை, ஞாயிறு காலை, திங்கள் மாலை, புதன் காலை
கௌரி: வியாழன் காலை, வெள்ளி மாலை, ஞாயிறு காலை, திங்கள் காலை, செவ்வாய் மாலை, புதன் காலை

பர்ஸானாவும் சுமதியும் சேர்ந்து வருகிறார்கள். "சிஸ்டர், நாங்க ரெண்டு பேரும் கதைச்சிட்டம். வெள்ளி காலை சுமதி நிப்பா, நான் அவட ஞாயிறு காலையச் செய்வன்."

ரோஸ்டர் தாளில் சுமதிக்கு வெள்ளிக்கிழமைக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இருவரும் முடிவெடுத்திருக்கிறார்கள். ஆனால் வியாழன் இரவு என்று எழுதிய ட்யூட்டி வெள்ளி காலை 7 மணி வரை ஓடுகிறது. அவர் அங்கிருந்து நேரே காலை ட்யூட்டிக்குப் போக வேண்டும், 18 மணி நேரம். இரவு ஷிப்ட் இரண்டு நாள் கட்டங்களில் நீண்டு கிடக்கிறது, தாளிலோ முதல் கட்டத்தில் மட்டும்தான் தெரிகிறது. தவறான மாற்றங்கள் நிறைய இங்கேதான் பிறக்கின்றன. நான் ரோஸ்டரில் நைட்டுக்கு அடுத்த நாள் கட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுவேன், வெறுமையாக விடமாட்டேன்.

மறுபக்கத்தையும் பாருங்கள். பர்ஸானா ஞாயிறு காலை எடுத்தால் அன்று இரவும் அவருக்குத்தான். 1 மணிக்கு முடித்து 7 மணிக்குத் திரும்ப வேண்டும். ஆக இருவருக்குமே கெடுகிறது, தலைக்கணக்கோ வெள்ளியும் ஞாயிறும் அச்சொட்டாகச் சரி.

இல்லை என்று சொல்வதோடு நின்றால் அவர்கள் வெளியே போய் வாய்ப்பேச்சில் மாறிக்கொள்வார்கள். அதனால் அந்த இடத்திலேயே வேறு வழி தேடுவேன். கௌரிக்கு வெள்ளி மாலை இருக்கிறது. அவர் வெள்ளி காலையையும் சேர்த்து எடுத்தால் 7 முதல் 7 வரை 12 மணி. முதல்நாள் பகல் 1 மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார், சனிக்கிழமை அவருக்கு ஒன்றுமில்லை. நல்லது. பதிலுக்குப் பர்ஸானா கௌரியின் செவ்வாய் மாலையைச் செய்யலாம். ஞாயிறு இரவு முடித்துத் திங்கள் காலை 7 மணிக்குப் போனவர், செவ்வாய் காலை தன்னுடைய ட்யூட்டிக்கு வந்து மாலையையும் முடிப்பார். புதன் அவருக்கு மாலைதான், ஓய்வு போதும்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். செவ்வாய் மாலை கௌரிதான் மூத்தவர், கூட நிற்கும் இருவரும் புதியவர்கள் என்றால்? பர்ஸானா சில வருடம் சேவை செய்தவர் என்றால் சம்மதிப்பேன். அவரும் புதியவர் என்றால் மூன்று பேர் இருந்தும் அந்த மாலைக்கு ஆள் இல்லை என்றுதான் அர்த்தம். இரவில் இது இன்னும் கடுமை. மழைக்காலத்தில் டெங்கு நோயாளிகள் வந்து, திரவக் கசிவுக் கட்டத்தில் இருப்பவருக்கு மணிக்கு மணி நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சிறுநீரளவு பார்க்க வேண்டியிருந்தால், இரண்டு புதியவர்களை இரவில் விட முடியாது. அந்த வாரங்களில் இரவுக்கு இருவர் என்ற அளவே போதாது, மூன்றாவது ஆளைக் கேட்டு மேட்ரனிடம் போக வேண்டும். என் ரோஸ்டரில் மூத்தவர்களின் பெயருக்கு அடியில் கோடு இருக்கும். கோடு இல்லாத இரவு எது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

சரி, பிறை தென்படாமல் சனிக்கிழமை பெருநாளானால்? கௌரியை இழுக்காதீர்கள், சனி அவருடைய ஓஃப். இப்போது சுமதியே பொருந்துகிறார். வெள்ளி காலை நைட் முடித்தவருக்குச் சனி காலை வரும்போது 24 மணி ஓய்வு கிடைத்திருக்கும். சனி காலை, மாலை இரண்டையும் செய்தாலும் ஞாயிறு காலைக்கு 12 மணி இருக்கிறது. பதிலுக்குப் பர்ஸானா சுமதியின் புதன் காலையை எடுக்கலாம். அன்று அவருக்கு மாலை ஏற்கெனவே இருப்பதால் அதுவும் 12 மணி நாள். ஆகவே மாற்றப் படிவத்தில் இரண்டு வரி எழுதுவோம்: வெள்ளி பெருநாள் என்றால் கௌரி, சனி என்றால் சுமதி. மூன்று பேரும் முன்கூட்டியே கையெழுத்து வைப்பார்கள். வியாழன் மஃரிபுக்குப் பிறகு கொழும்பு பெரிய பள்ளிவாசலிலிருந்து அறிவிப்பு வந்ததும் எந்த வரி செல்லும் என்பதை வார்டில் நிற்பவர் குறித்து, சம்பந்தப்பட்ட மூவருக்கும் போன் பண்ணுவார். அறிவிப்பு வந்த பிறகு ஆள் தேடத் தொடங்கினால் அந்த இரவில் யாரும் போன் எடுக்கமாட்டார்கள்.

பொங்கலுக்கும் சித்திரைக்கும், மாமாங்கம் தீர்த்தத்துக்கும், கிறிஸ்மஸுக்கும் இதே ஆட்கள் மறுபக்கம் நிற்பார்கள். அதனால் பண்டிகை மாற்றங்களில் கெஞ்சல் குறைவு. கெஞ்சல் நடப்பது சாதாரண வாரங்களில்தான், அங்கேதான் புதிய பிள்ளைகள் மாட்டுப்படுவார்கள். மூத்தவர் கேட்டால் மறுக்கத் தெரியாது. "ஓம் அக்கா" என்று சொல்லிவிட்டு இரவுகளாக எடுத்துக்கொண்டே போவார்கள். ஆகவே கேட்டவர் முன்னால் மற்றவரிடம் சம்மதமா என்று கேட்பதில்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்பேன். மாத முடிவில் மாற்றங்களுக்குப் பிறகு ஒவ்வொருவரும் உண்மையில் எத்தனை நைட் செய்தார்கள் என்றும் எண்ணுவேன். ரோஸ்டரில் எல்லாருக்கும் சமமாக இருந்தது, செய்து முடித்ததில் ஒருவருக்கு இரண்டு மடங்கு இருந்தால், அடுத்த மாதம் அவர் விரும்பினாலும் நைட் வாங்க விடமாட்டேன். மாற்றத்துக்கு மறுநாள் அடிக்கடி சுகயீன லீவு போடுபவர்களையும் இந்தக் கணக்கு காட்டிவிடும்.

"இப்ப நில்லுங்க, பிறகு தாறன்" என்கிற கடன் மாற்றத்தை அதே ரோஸ்டருக்குள் திருப்புவதென்றால் மட்டும் ஏற்பேன். திருப்பும் நாளையும் அன்றே எழுத வேண்டும். அப்புறம், ஏற்கெனவே மாறிய ட்யூட்டியை மூன்றாம் ஆளுக்குக் கைமாற்றக் கூடாது. கைமாறினால் போன் கேலரியில் கிடக்கும் பழைய ரோஸ்டர் படத்தைப் பார்த்து ஒருவர் வருவார், இன்னொருவர் வரவே மாட்டார். வரவுப் பதிவேட்டோடு ரோஸ்டர் ஒத்துப்போகாவிட்டால் ஓ.டி. கணக்கிலும் கேள்வி வரும்.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். போர்டிங்கில் இருப்பவருக்கு 12 மணி ஓய்வு என்பது கிட்டத்தட்ட 12 மணிதான். மட்டக்களப்பிலிருந்து அம்பாறைக்குப் பஸ்ஸில் வந்து போகிறவருக்கு அதில் நல்ல பங்கு வீதியில் போய்விடும். மாலை முடித்து மறுநாள் காலை வரும் மாற்றத்தை அப்படியானவருக்குக் கொடுக்குமுன் 7 மணிக்குப் பிறகு அவருக்குப் பஸ் இருக்கிறதா என்று கேட்பேன்.

கடைசியாக, அன்றைக்கே காலையில் "காய்ச்சல், வர ஏலாது" என்று வரும் அழைப்பை மாற்றப் படிவத்தில் ஏற்றாதீர்கள். அது லீவு. அதற்கு ஆள் தருவது மேட்ரனின் அலுவலகத்தின் வேலை. சுகமில்லாத பிள்ளையைத் தனக்குப் பதில் ஆள் தேடிக் கூட்டாளிகளுக்குப் போன் போட வைத்தால், நைட் முடித்து வெளியேறிக்கொண்டிருப்பவரைத்தான் முதலில் பிடிப்பார்.